தீர்ப்பு எப்போது தொடங்குகிறது? ஊர்ப் பெரியவர் கதைக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி: ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் சொந்தத் தங்கை மகனுக்கும் நியாயமான தீர்ப்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதை வைத்து ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எப்படி எழுதினாலும் கடைசியில் அவர் எழுந்து நின்று தீர்ப்புச் சொல்லும் இடம் சினிமா மாதிரி ஆகிவிடுகிறது. ஊர்ப் பஞ்சாயத்து உண்மையில் எப்படி நடக்கும்? கதையை எந்த இடத்தில் பிடிக்கலாம்?

பதில்:

தீர்ப்பைக் கடைசியில் வைப்பதால்தான் சினிமா மாதிரி வருகிறது. ஊர்ச் சபையில் தீர்ப்பு என்பது பெரும்பாலும் எல்லோருக்கும் முன்பே தெரிந்த ஒன்று. யார் செய்தார் என்பது காலையிலேயே டீக்கடை வரை வந்துவிடும். பெரியவர் சொந்தக்காரன் பக்கம் சாய்வதானால் அதற்குப் பொய்த் தீர்ப்புச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. கூட்டத்தை என்றைக்குப் போடுவது, யாரை உட்கார வைப்பது, சாட்சியை எப்படிக் கேட்பது, நட்டத்தை எங்கிருந்து அளப்பது என்ற நாலு இடங்களில் ஏதாவது ஒன்றில் லேசாக நகர்ந்தால் போதும். வாயால் நியாயத்தைச் சொல்லிக்கொண்டே சொந்தக்காரனைக் காப்பாற்றிவிடலாம். உங்கள் கதை அந்த இடங்களில்தான் இருக்கிறது.

இதைப் பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. எனக்குத் தெரிந்த கண்மாய்ப் பகுதியிலேயே, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம், ஒரு வழக்கைக் கற்பனையாக வைத்து முழுவதும் நடத்திப் பார்ப்போம். பிடித்திருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

காலத்தை 1970களின் தொடக்கத்தில் வையுங்கள். ஆழ்குழாய்க் கிணறு ஊருக்குள் வராத காலம். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைய வேண்டும், அந்தத் தண்ணீரிலேயே நெல் விளைய வேண்டும். மழை ஏமாற்றிய வருஷம் என்றால் தை மாதம் கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான் நிற்கும். பயிரோ அப்போதுதான் கதிர் வந்து பூத்துப் பால் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் ஒரு தண்ணீர் தவறினால் கதிர் நிமிர்ந்தே நிற்கும். கையில் உருவிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, எல்லாம் சாவி. நாற்றுப் பருவத்தில் சில நாள் காய்ந்தால்கூடப் பயிர் தேறிக்கொள்ளும், பூக்கும்போது காய்ந்தால் தேறாது. கதையின் கடிகாரமே இதுதான் என்பதால் இதை முதலிலேயே வாசகனுக்குச் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் குறைந்ததும் ஊர் கூடி முறை வைக்கும். ஏக்கருக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு. நம் ஊரில் ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம், ஒரு சுற்று முடிய ஒன்பது நாள், யாருக்கு எப்போது என்பதை எல்லோரும் ஒப்பிச் சீட்டுப் போட்டு எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மடையைத் திறப்பது, வாய்க்காலைத் திருப்புவது, முறையை நடத்துவது எல்லாம் நீர்பாய்ச்சியின் வேலை. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுவடையின்போது ஒவ்வொரு நிலத்துக்காரரும் களத்தில் அளந்து போடும் நெல்தான் கூலி. இந்த விவரத்தை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

இனி ஆட்கள். பெரியவர் ஊர் அம்பலம். அந்தப் பக்கத்தில் அம்பலம், அம்பலகாரர் என்று சொல்வார்கள். உங்கள் கதை கொங்குப் பக்கம் நடந்தால் ஊர்க்கவுண்டர், வேறு பக்கம் என்றால் நாட்டாண்மை. எல்லா ஊருக்கும் ‘நாட்டாமை’ என்று எழுதிவிடாதீர்கள், அந்த ஊர்க்காரன் படித்தால் முதல் வரியிலேயே விலகிவிடுவான். குற்றம் செய்தவன் அவருடைய தங்கை மகன். அவர் மடியில் உட்கார வைத்துக் காது குத்திய பிள்ளை. நம் வழக்கப்படி அவருடைய மகளையே கட்டியிருக்கிறான். இந்த ஒரு முடிச்சில் கதைக்கு வேண்டிய கனம் வந்துவிடுகிறது. தங்கை மகனுக்கு வரும் எந்த நட்டமும் அவருடைய மகள் வீட்டு அடுப்பில் போய் நிற்கும்.

மருமகனுக்கு மடையை ஒட்டி மூன்று ஏக்கர். தலைமடைக்காரன்தானே, இவனுக்கு எதற்குத் திருட்டுத் தண்ணீர் என்று வாசகன் கேட்பான். அதில் முக்கால் ஏக்கர் மேட்டு நிலம். கண்மாயில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டால் மடை அருகிலேயே இருந்தும் மேட்டில் லேசில் ஏறாது. அவனுக்கு உரிய நாலரை மணி நேரத்தில் பெரும்பகுதி பள்ளத்திலேயே நின்றுவிடும். மேட்டுக்கு ஒரு மணி நேரம் கூட்டிக் கொடுங்கள் என்று முறை வைத்த அன்றைக்கே அவன் கேட்டிருக்கிறான். பெரியவர்தான், “எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான், ஒக்காருடா” என்று அடக்கியிருக்கிறார். இந்தச் சின்ன விவரம் இல்லாவிட்டால் அவன் வெறும் திருடனாகிவிடுவான். குறை உள்ளவனாக இருந்தால்தான் பெரியவருக்கு உண்மையிலேயே கஷ்டம்.

எதிர்ப்பக்கம் கடைமடையில் 80 சென்ட் வைத்திருக்கும் ஒரு பெண். கணவன் இல்லை. அவளுடைய முறை ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம், வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு. அரிக்கேன் விளக்கோடு வரப்பில் நிற்கிறாள். தண்ணீர் வருகிறது, பத்து நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. மேலே யாரோ வாய்க்கால் கரையை வெட்டிவிட்டார்கள். அவள் அடுத்த முறை ஒன்பது நாள் கழித்து, அதற்குள் பூ போய்விடும். மருமகனுடைய முறை வரும் செவ்வாய்க்கிழமை காலை.

சனிக்கிழமை விடிந்ததும் அவள் பெரியவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். உங்கள் கதை இங்கே தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்து அவர் சொல்லப்போகும் ஒரு வாக்கியத்தில் எல்லாம் முடிந்துவிடலாம்:

“சரி தாயி, வெள்ளிக்கிழமை கோயில்ல ஊரு கூடும். அங்க வச்சுப் பேசிருவோம்.”

இதில் யாரும் குற்றம் காண முடியாது. ஊர் வழக்கமாகக் கூடும் நாளே வெள்ளிக்கிழமைதான். பெரியவர் மரியாதையாகப் பேசியிருக்கிறார், பிராதை ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் செவ்வாய் போய்விடும். மருமகன் தன் முறைத் தண்ணீரையும் பாய்ச்சி முடித்திருப்பான், இவள் பயிர் பூத்து உதிர்ந்திருக்கும். அதற்குப் பிறகு சபை அவனுக்குத் தெண்டம் போடலாம், சபை நடுவில் விழுந்து கும்பிடச் சொல்லலாம். தண்ணீரை மட்டும் யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே சொந்தமா நியாயமா என்ற தேர்வு, சபை கூடுவதற்கு முன்பே, வாசலில் நின்றுகொண்டு நாள் குறிக்கும் இடத்திலேயே வந்துவிடுகிறது. உங்கள் பெரியவர் அந்த வாக்கியத்தைப் பாதி சொல்லி நிறுத்தினாலே போதும், வாசகனுக்கு எல்லாம் புரிந்துவிடும்.

சரி, அவர் நிறுத்திவிட்டார், நாளைக்கே கூடலாம் என்கிறார். அடுத்த கேள்வி, நடுவில் யார் உட்காருவது.

சொந்தக்காரன் வழக்கில் நான் உட்காரக் கூடாது என்று அவர் இறங்கிக்கொள்வதுதானே சரி என்று இன்றைக்கு நமக்குத் தோன்றும். இது புதிய யோசனையும் இல்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919லும் 921லும் வெட்டியவை, சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் எடுக்கும் விதியைச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வரக் கூடாது என்பது அதில் ஒரு விதி. அத்தோடு நிற்காமல் அவருடைய உறவினர்களையும் வரிசையாகச் சொல்லி விலக்குகிறது. தாயோடு பிறந்தான், தகப்பனோடு பிறந்தான், மாமனார், மைத்துனன், தங்கை மகன், மகளைக் கட்டியவன் என்று பட்டியல் நீள்கிறது. நம் கதையின் மருமகன் அந்தப் பட்டியலில் இரண்டு இடத்தில் வருகிறான். அது பிராமணர் சபையின் விதி, நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும் திறந்திருந்த சபை. ஆனாலும் உறவு எந்த வழியாகப் பொதுக் காரியத்துக்குள் நுழையும் என்று ஆயிரம் வருஷம் முன்பே உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நம் கதையில் இறங்கிக்கொள்வதிலும் சிக்கல் இருக்கிறது. அவர் இறங்கினால் அந்த இடத்துக்கு வருபவர் யார்? ஊரில் அடுத்த பெரிய ஆள் இவரிடம் கடன் வாங்கியவராக இருப்பார், இல்லையென்றால் சம்பந்தியாக இருப்பார். பக்கத்து ஊர் அம்பலத்தை அழைக்கலாம், அதுவும் வழக்கம்தான். ஆள் அனுப்பி, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து, அவர் வந்து சேர நாலு நாள் ஆகும். மறுபடியும் செவ்வாய்க்கிழமை போய்விடும். நேர்மையாகத் தெரிகிற காரியமே மருமகனுக்குச் சாதகமாக முடியும். இதைப் பெரியவர் உணரும் இடம் கதையில் ஒரு பத்தியாவது பெற வேண்டும். அவர் என்ன செய்யலாம் என்றால், சபையிலேயே நேராகச் சொல்லிவிடலாம்: “பிராது என் மருமகன் மேல. நான் பேசுறதுல கோணல் தெரிஞ்சா யாரு வேணும்னாலும் நிறுத்துங்க.” கூடவே, கடைமடைக்காரர் ஒருவரையும் தலைமடைக்காரர் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். கடைமடைக்காரர் கூட இருப்பது பெரிய வித்தியாசம், நட்டம் என்ன என்பது அவருக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை இரவு தங்கை வருவாள். இந்தக் காட்சியை விட்டுவிடாதீர்கள், ஆனால் அழ வைக்காதீர்கள். இப்படிப்பட்ட இடத்தில் நம் வீடுகளில் யாரும் நேராக ‘என் மகனைக் காப்பாற்று’ என்று கேட்பதில்லை. எதையோ பேசுவதுபோலப் பேசுவார்கள்.

“ஏண்ணே, நாளைக்கே கூடணுமாம்ல?”

“ஆமா.”

“வெள்ளிக்கெழம வழக்கமாக் கூடுறதுதான?”

“தண்ணி வெள்ளிக்கெழம வரைக்கும் நிக்காது.”

“அவன் செய்யலன்னு நான் சொல்ல வரல. மேட்டுக்குத் தண்ணி கேட்டப்ப நீ குடுத்திருந்தா அவன் ஏன் ராத்திரில மண்வெட்டியத் தூக்குறான்?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கக் கூடாது. மகள் வர வேண்டாம். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கைக்குழந்தையோடு நிற்கிறாள் என்றெல்லாம் எழுதினால் மறுபடி சினிமா. தங்கை ஒருத்தியே போதும். நியாயமான ஒரு குறையை வைத்துக்கொண்டு நியாயமில்லாத ஒன்றைக் கேட்பவள்தான் கதையில் மிகப் பலமான ஆள்.

அடுத்தது சாட்சியம். சபை கூடுவதற்கு முன்பு பெரியவர் வாய்க்காலை நடந்து பார்க்க வேண்டும், அதுவும் சனிக்கிழமை காலையிலேயே, வெயில் ஏறுவதற்குள். தண்ணீர்த் திருட்டில் தடயம் அரை நாள்தான் நிற்கும். வெட்டி அடைத்த இடத்தில் மண் புதிதாக, கறுப்பாக, ஈரமாக இருக்கும். அடைத்தவன் அவசரத்தில் பக்கத்து வரப்புப் புல்லைப் பெயர்த்து வைத்திருப்பான். வெட்டுக்கு மேலே வாய்க்கால் தரை சேறாக இருக்கும். வெட்டுக்குக் கீழே லேசான நனைவு மட்டும், அது வெயில் ஏறியதும் வெள்ளையாகப் பொரிந்துவிடும். மருமகனுடைய மேட்டு வயலில் முந்தின நாள் வெடித்துக் கிடந்த மண் மூடியிருக்கும். இதை எல்லாம் பார்க்க நாலு பேரைக் கூட்டிப் போகிறாரா, தனியாகப் போகிறாரா என்பது ஒரு தேர்வு. தனியாகப் போனால் பார்த்ததை மறைக்கலாம். நாலு பேரோடு போனால் திரும்பி வர வழி கிடையாது. இந்த இடத்தில் உணர்ச்சி வசனம் எதுவும் வேண்டாம். வழியில் பார்க்கும் ஒவ்வொருவரையும் அவர் “கூட வா” என்று அழைத்துக்கொண்டே போவதை எழுதுங்கள், போதும்.

மருமகனுக்கு மட்டுமே உரிய ஏதோ ஓர் அடையாளத்தைப் பெரியவர் ஒருவர் மட்டும் கண்டுகொள்வதாக எழுதத் தோன்றும். வேண்டாம். தடயம் எல்லோர் கண்ணுக்கும் தெரிவதாக இருக்கட்டும். இந்தக் கதை துப்பறியும் கதையாகிவிட்டால் பெரியவரின் சங்கடம் காணாமல் போய்விடும்.

நீர்பாய்ச்சிதான் முக்கியமான சாட்சி. அன்றிரவு அவர் வாய்க்கால் ஓரம்தான் இருந்தார், தண்ணீர் எங்கே போனது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அறுவடையில் மருமகனுடைய மூன்று ஏக்கருக்கும், பெரியவருடைய நிலத்துக்கும் அவர்கள் அளந்து போடும் நெல்லில்தான் அவர் வீடு நடக்கிறது. பல ஊர்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் பள்ளர் சமூகத்தவர். சபையில் அவர் உட்கார முடியாது, ஓரத்தில் நின்று பேச வேண்டும். 1970களின் கதை என்று சொல்லிவிட்டு இதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. அதே சபையில் அந்தப் பெண்ணும் தானே பேசியிருக்க மாட்டாள், கொழுந்தனோ மாமனாரோ அவளுக்காகப் பேசியிருப்பார்கள். ‘நியாயமான பஞ்சாயத்து’ என்று நாம் ஏக்கத்தோடு எழுதும் அந்த வட்டத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று காட்டுங்கள்.

சாட்சியைக் கேட்கும் விதத்தில் பெரியவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பது தெரிந்துவிடும். “நீ கண்ணால பாத்தியா, என் மருமகன்தான் வெட்டுனானா?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டால், “இருட்டுல யாருன்னு தெரியலங்கய்யா” என்றுதான் பதில் வரும். வேறு பதில் சொல்ல அந்த மனிதரால் முடியாது. கேட்டவருக்கும் அது தெரியும். அதே ஆளிடம், “ரெண்டு மணிக்கு நீ எந்த எடத்துல நின்ன? தண்ணி எத்தன மணிக்குக் கொறஞ்சுச்சு? மறுபடி எப்ப வந்துச்சு?” என்று வேலையைப் பற்றி மட்டும் கேட்டால் அவர் யார் பெயரையும் சொல்லாமல் உண்மையைச் சொல்லிவிடலாம். மிச்சத்தைச் சபை தானே சேர்த்துக்கொள்ளும். நல்ல அம்பலம் என்று பெயர் எடுத்தவர்களுக்கு இந்தப் பக்குவம் இருந்திருக்கும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எளியவரைக் காட்டிக்கொடுக்காமல் உண்மையை வாங்குவது தீர்ப்புச் சொல்வதைவிடக் கடினமான வேலை.

இப்போது தீர்ப்பு. மருமகன் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அப்படித்தான் முடியும். ஊர் எதிர்பார்ப்பது பெரிய தெண்டம். சொந்தக்காரன் என்பதால் இரண்டு மடங்கு போட்டால் ‘அம்பலம்னா அம்பலம்தான்’ என்று பேர் நிற்கும். தெண்டப் பணம் கோயில் கணக்கில் சேரும், திருவிழாவுக்கு ஆகும். அவளுக்கு ஒரு காசு வராது.

நமக்கு நீதி என்றதும் மனுநீதிச் சோழன்தான் நினைவுக்கு வருவார். திருவாரூரில் கன்றின் மேல் தேரை ஏற்றிய மகனைத் தேர்க்காலில் இட்ட அரசர். பெரியபுராணத்தில் அந்தக் கதை முடியும்போது இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் எழுப்பிக் கொடுக்கிறார். அந்த அருள் இல்லாவிட்டால் பசுவுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள். தன் பிள்ளையைக் கடுமையாகத் தண்டிப்பவர் பெரிய மனிதர் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அந்தக் கடுமையிலும் ஒரு சாய்வு உண்டு. சொந்தக்காரன் என்பதால் குறைத்தாலும் தவறு, சொந்தக்காரன் என்பதால் கூட்டினாலும் தவறு. இரண்டிலும் பெரியவர் தன் பெயரையும் தன் வீட்டையும்தான் பார்க்கிறார், கடைமடையில் காயும் பயிரைப் பார்க்கவில்லை.

அவர் கொடுக்க வேண்டியது தண்ணீர். செவ்வாய்க்கிழமை மருமகனுடைய நாலரை மணி நேரத்திலிருந்து அவளுடைய ஒரு மணி பன்னிரண்டு நிமிஷத்தைக் கழித்துக் கொடுப்பது. இங்கே கடைசியாக ஒரு பொறி இருக்கிறது, கதையை இதில்தான் நிறுத்துவேன். மணியை எங்கிருந்து எண்ணுவது?

வழக்கமான முறையில் முந்தின நிலத்துக்காரர் பாய்ச்சி முடித்த ஈர வாய்க்காலில் தண்ணீர் உடனே வந்துவிடும். செவ்வாய்க்கிழமை அப்படி வராது. இவளுக்காக மட்டும், நாலு நாள் காய்ந்து கிடக்கும் வாய்க்காலில், மடையிலிருந்து கடைசி வரை தண்ணீர் ஓட வேண்டும். வெடித்த தரை குடித்தது போகக் கடைமடைக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆகும். மடை திறந்ததிலிருந்து கணக்குப் போட்டால் அவள் வயலில் விழுவது நாற்பத்திரண்டு நிமிஷத் தண்ணீர்தான். சபைக்குத் ‘திருடியதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று’ என்று தோன்றும், அவள் பயிரில் பாதி நனையாது. அவள் வரப்பைத் தொட்டதிலிருந்து கணக்குப் போட்டால் அந்த அரை மணி நேரமும் மருமகன் கணக்கில் போகும். அவனுக்கு மிஞ்சுவது இரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிஷம். அந்த நேரத்தில் மேட்டு முக்கால் ஏக்கர் நிச்சயமாக நனையாது. அந்த நெல் பெரியவருடைய பேரப்பிள்ளைகள் சாப்பிட வேண்டிய நெல்.

சபையில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். மருமகனுக்கும் தோன்றாது, அவளுக்காகப் பேச வந்த கொழுந்தனுக்கும் தோன்றாது. வருஷக்கணக்காக முறை நடத்திய பெரியவருக்கும், ஓரத்தில் நிற்கும் நீர்பாய்ச்சிக்கும் மட்டும்தான் தெரியும். அவர் வாயைத் திறக்காமல் இருந்தாலே மகள் வீட்டு நெல் தப்பிவிடும். உங்கள் கேள்வியில் இருந்த ‘சொந்தமா, நியாயமா’ இந்த அரை மணி நேரத்தில்தான் நிற்கிறது. அவர் சொல்ல வேண்டியது ஒரே வரி: “மணி மடையில இல்ல, அவ வரப்புல இருந்து எண்ணணும்.” உரத்த குரல் வேண்டாம். சிலருக்கு அது கேட்காமல்கூடப் போகலாம்.

தெண்டத்தை அவர் சிறியதாகவே வைக்கட்டும், மற்றவனுக்கு இதே குற்றத்துக்குப் போன வருஷம் போட்ட அளவு. அங்கேதான் ஊர் முணுமுணுக்கும். ‘அம்பலம் மருமகனுக்குக் கொறச்சுப் போட்டுட்டாரு’ என்பார்கள். அரை மணி நேரக் கணக்கு அவர்கள் கண்ணில் படவே இல்லை. தங்கையோ மேட்டுப் பயிரைக் காய வைத்தவன் என்று அவர் வீட்டுப் படியேறாமல் இருப்பாள். நியாயமாக நடந்ததற்காக ஒருவர்கூடப் பாராட்டாத தீர்ப்பாக அது இருக்கட்டும். வாசகனுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அந்தப் பெண்கூட நன்றி சொல்ல வேண்டாம், அது அவளுடைய தண்ணீர்.

இதனால் சபைக் காட்சி கதையின் நடுவுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை காலை, அறுவடைக் களம் என்று இரண்டு சின்னக் காட்சிகள் எழுதலாம். செவ்வாய்க்கிழமை காலை வெட்டு இடத்தில் காவலுக்கு யார் நிற்பது என்பதை யோசியுங்கள். பெரியவரே நின்றால் ஊர் அவரை நம்பாது, மருமகன் நின்றால் கதை வேறாகிவிடும். எனக்கு மருமகனையே நிறுத்தத் தோன்றுகிறது. தன் மேடு காய்வதைப் பார்த்துக்கொண்டு, வாய்க்கால் கரை உடையாமல் அவனே மண் அணைக்கிறான். திருந்திவிட்டான் என்று எழுத வேண்டாம், கோபத்தோடே அணைக்கட்டும். களத்தில் இரண்டு வீட்டு நெல்லும் அளக்கும்போது நீர்பாய்ச்சிக்கு மருமகன் எவ்வளவு போடுகிறான் என்பதைக் காட்டினால் சாட்சி சொன்னதன் விலை தெரிந்துவிடும்.

கதையை இன்றைய காலத்தில் வைப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். கட்டப் பஞ்சாயத்து சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் 2011ல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் கடுமையாகச் சொன்னது, சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்கள் மேல் நடக்கும் கொடுமைகளை முன்வைத்து. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு தண்ணீர் முறையைப் பேசித் தீர்த்துக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஊரை விட்டு ஒதுக்கி வைப்பது, மிரட்டித் தெண்டம் வாங்குவது, கல்யாணத்தில் தலையிடுவது என்று போனால் பெரியவரே குற்றவாளி. தவிர, இப்போது மருமகன் மேட்டில் ஓர் ஆழ்குழாய்க் கிணறு போட்டிருப்பான், முறைத் தண்ணீருக்கு அவன் மண்வெட்டி தூக்க மாட்டான். வேறு வழக்கு தேடுங்கள். கூட்டுக் கிணற்றுப் பங்கோ, வண்டிப் பாதையோ எடுத்தால் நன்றாக வரும். எதை எடுத்தாலும், எங்கே நின்று அளப்பது என்று பெரியவருக்கு மட்டும் தெரிந்த அந்த ஓர் இடத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டு எழுத உட்காருங்கள்.